முதல் கவளத்தோடு ஒரு கேப்சூல்: உள்ளே இருக்கும் மணிகளை ஏன் நசுக்கக்கூடாது?

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்ததும் பையிலிருந்து ஒரு கேப்சூலை எடுத்து, முதல் வாய்ச் சோற்றோடு விழுங்கும் நண்பர் உங்களுக்கு இருக்கலாம். காய்ச்சலா என்று கேட்டால் இல்லை என்பார். பத்தரை மணிக்குக் கறிபாப் வாங்கும்போதும் இன்னொன்றை எடுப்பார். மதியச் சோற்றுக்கும் அப்படியே. ஆனால் பப்பாளித் துண்டு சாப்பிடும்போது எடுக்கமாட்டார். மணிக்கணக்குப் பார்த்து உண்ணும் மருந்து அல்ல அது. தட்டைப் பார்த்து உண்ணும் மருந்து. அதன் பெயர் கணைய நொதிக் கேப்சூல்.

இதை உண்பவர்களில் பலர் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். சாப்பிட்டு முடித்து வெகுநேரம் கழித்து விழுங்குவது ஒன்று. விழுங்கக் கடினமாக இருக்கிறது என்று உள்ளிருக்கும் மணிகளை நசுக்கிவிடுவது மற்றொன்று. இரண்டிலும் மருந்து உடலுக்குள் போகும், ஆனால் வேலை செய்யாது. ஏன் அப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ள, படிவம் நான்கு உயிரியலில் வரும் நொதிப் பாடமே போதும்.

கணையம் செய்யும் வேலை

இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கும் உறுப்பு கணையம். இன்சுலினைச் சுரப்பது அதுதான் என்று பலருக்கும் தெரியும். அதைவிட அளவில் பெரிய வேலை ஒன்றும் அதற்கு உண்டு. நாம் சாப்பிடும் ஒவ்வொரு முறையும் நொதிகள் நிறைந்த சாற்றைச் சிறுகுடலின் தொடக்கப் பகுதியான முன்சிறுகுடலுக்குள் அது அனுப்புகிறது. அதில் உள்ள லிப்பேஸ் கொழுப்பை உடைக்கிறது. அமிலேஸ் மாவுச்சத்தை உடைக்கிறது. புரோட்டியேஸ் வகை நொதிகள் புரதத்தை உடைக்கின்றன. அதோடு பைகார்பனேட்டும் வருகிறது. இரைப்பையிலிருந்து இறங்கும் அமிலத்தின் கடுமையைத் தணிப்பது அந்தப் பைகார்பனேட்தான்.

கணையம் வெகுவாகச் சிதைந்துபோனால் இந்தச் சாறு போதாமல் போகிறது. நம் உடலில் இதற்கான கையிருப்பு அதிகம். நொதிச் சுரப்பு இயல்பான அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிய பிறகுதான் கொழுப்பு செரிக்காமல் மலத்தில் வெளியேறுவது கண்ணுக்குத் தெரியும். அதனால் நோய் தெரியவரும்போது கணையம் ஏற்கெனவே பெரும்பகுதி பழுதாகியிருக்கும்.

மேற்கு நாடுகளில் இளையர்களுக்கு இந்த நிலை வர முக்கியக் காரணம் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோய். ஆசியர்களிடம் அது அரிது. இங்கே நாட்பட்ட கணைய அழற்சியும், கணையத்தில் செய்யும் அறுவைச் சிகிச்சையும் கூடுதலாகக் காணப்படும் காரணங்கள். தென்னிந்தியாவில், குறிப்பாகக் கேரளத்தில், மதுப்பழக்கமே இல்லாத இளையர்களுக்கும் கணையத்தில் கல் சேர்ந்து அழற்சி உண்டாகும் ஒரு வகை நெடுங்காலமாக அறியப்பட்டது. பலரிடம் அதற்கு மரபணுத் தொடர்பு இருப்பதும் பின்னர் தெரியவந்தது. ஆகவே கணைய நோய் என்றதும் குடிப்பழக்கம்தான் காரணம் என்று எண்ணிக்கொண்டு ஒருவரைப் பார்ப்பது தவறு.

கொழுப்பு ஏன் முதலில் தவறுகிறது?

மாவுச்சத்தைச் செரிக்க எச்சிலிலும் நொதி உண்டு. புரதத்தை உடைக்கும் வேலை இரைப்பையிலேயே தொடங்கிவிடுகிறது. குடல் சுவரும் இவ்விரண்டுக்கும் தன் பங்கைச் செய்கிறது. கொழுப்புக்கு அப்படிப்பட்ட துணை குறைவு; பெரும்பாலும் கணைய லிப்பேஸையே அது நம்பியிருக்கிறது. அதனால்தான் கேப்சூலின் வலிமையை லிப்பேஸ் அலகில் குறிக்கிறார்கள். பெட்டியில் 10,000 அல்லது 25,000 என்று எழுதியிருந்தால் அது மில்லிகிராம் அல்ல. ஒரு கேப்சூலில் உள்ள லிப்பேஸின் அலகு.

லிப்பேஸுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அமிலத்தை அதனால் தாங்க முடியாது. நொதியின் செயல்வேகத்தைப் பிஎச் அளவுக்கு எதிராக வரையும் வளைகோட்டைப் பாடநூலில் பார்த்திருப்பீர்கள். கணைய லிப்பேஸுக்கு அந்த வளைகோட்டின் உச்சி நடுநிலையை ஒட்டியும் அதற்குச் சற்று மேலும் இருக்கும். பிஎச் 4-க்குக் கீழே போனால் அதன் வடிவமே குலைந்துவிடுகிறது. பிறகு அமிலம் தணிந்தாலும் அது பழைய நிலைக்குத் திரும்பாது. வெறும் வயிற்றில் இரைப்பையின் பிஎச் 1 முதல் 2 வரை இருக்கும். நொதியை வெறும் பொடியாக விழுங்கினால் வேலை செய்யவேண்டிய இடத்தை அடையும் முன்பே அதில் பெரும்பகுதி வீணாகிவிடும்.

மணிக்கு மேல் ஒரு மெல்லிய உறை

மருந்தியலாளர்கள் இதற்குக் கண்ட தீர்வுதான் அந்தச் சிறு மணிகள். கேப்சூலின் வெளிக்கூடு ஜெலட்டினால் ஆனது. அதைத் திறந்து பார்த்தால் உள்ளே பழுப்பு நிறத்தில் நூற்றுக்கணக்கான மணிகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவு, கடுகைவிடச் சிறியது. ஒவ்வொரு மணியின் மேலும் அமிலத்தில் கரையாத ஒரு மெல்லிய படலம் பூசப்பட்டிருக்கிறது.

இந்த மணியின் பயணத்தை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். கேப்சூல் இரைப்பைக்குள் விழுகிறது. சில நிமிடங்களில் ஜெலட்டின் கூடு கரைந்துவிட, மணிகள் வெளியே வந்து சோற்றோடும் குழம்போடும் கலக்கின்றன. சுற்றிலும் அமிலம் இருந்தாலும் படலம் காக்கிறது. இரைப்பை உணவைப் பிசைந்து, ஓரிரு மில்லிமீட்டர் அளவுள்ள துகள்களாக்கி, கீழ்வாயில் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக முன்சிறுகுடலுக்குள் தள்ளுகிறது. மணிகளும் அதே அளவில் இருப்பதால் உணவோடு சேர்ந்தே வெளியேறுகின்றன. அவை பெரிதாக இருந்தால் உணவு முன்னே போய்விட, மருந்து இரைப்பையிலேயே தங்கிவிடும். மணிகளை இவ்வளவு சிறிதாகச் செய்ததன் காரணம் இதுதான்.

முன்சிறுகுடலில் அமிலம் தணிந்து பிஎச் ஏறக்குறைய 5.5-ஐத் தாண்டியதும் படலம் கரைகிறது. நொதி வெளிப்படுகிறது. அதே இடத்தில், அதே நேரத்தில் கொழுப்பும் வந்து சேர்ந்திருக்கிறது. வேலை தொடங்குகிறது.

ஆக, இந்த மருந்து பலன் தர இரண்டு நிபந்தனைகள். மணியின் உறை முழுமையாக இருக்கவேண்டும். மணி உணவோடு சேர்ந்து பயணிக்கவேண்டும். நசுக்கினால் முதல் நிபந்தனை போகிறது. நேரம் தப்பினால் இரண்டாவது போகிறது.

சாப்பாட்டின் தொடக்கம் என்றால் எப்போது?

முதல் கவளத்தோடு, அல்லது முதல் சில கவளங்களுக்குள். கால் மணி நேரத்துக்கு முன்பே விழுங்கிவிட்டுச் சிற்றுண்டிச்சாலையில் வரிசையில் நின்றால், மணிகள் உணவுக்காகக் காத்திருக்க நேரும். சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரம் கழித்து விழுங்கினால், உணவில் ஒரு பகுதி ஏற்கெனவே சிறுகுடலுக்குள் இறங்கியிருக்கும். போன பேருந்தைத் துரத்துவது போன்றது அது.

ஒரு வேளைக்கு இரண்டோ அதற்கு மேலோ கேப்சூல் என்றால் பிரித்து எடுப்பது நல்லது. ஒன்று தொடக்கத்தில், அடுத்தது பாதிச் சாப்பாட்டில். திருமண விருந்தில் வாழையிலைச் சாப்பாடு முக்கால் மணி நேரம் நீண்டால் இது மிகவும் பயன்படும். எல்லாவற்றையும் முதலிலேயே விழுங்கிவிட்டால், கடைசியாக வரும் பாயசத்துக்கும் வடைக்கும் நொதி மிஞ்சாமல் போகலாம்.

ஸ்பெயினில் நாட்பட்ட கணைய அழற்சியும் நொதிக் குறைவும் உள்ள 24 பேரிடம் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, சாப்பாட்டுக்குச் சற்று முன், சாப்பிடும்போது, சாப்பிட்டு முடித்த உடனே என்று மூன்று வகையாகக் கேப்சூல் கொடுத்துப் பார்த்தது. சாப்பிடும்போது எடுத்தவர்களுக்கே கொழுப்புச் செரிமானம் ஓரளவு மேலாக இருந்தது. மூன்றுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அந்த ஆய்வில் ‘முடித்த பின்’ என்றால் முடித்த கையோடு என்று பொருள். விடுதி அறைக்குத் திரும்பி, குளித்து, கைப்பேசியைப் பார்த்துவிட்டு விழுங்குவது அந்தக் கணக்கில் வராது.

மறந்துவிட்டால்? சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது நினைவு வந்தால் அப்போதே எடுக்கலாம். சாப்பிட்டு வெகுநேரம் ஆகிவிட்டால் அந்த வேளையை விட்டுவிட்டு, அடுத்த சாப்பாட்டுக்கு வழக்கமான அளவை எடுக்கவேண்டும். விட்டதற்கும் சேர்த்து இரட்டிப்பாக விழுங்கக்கூடாது. ஒரு வேளை தவறினால் வயிறு உப்பும், மலம் இளகும். அது உயிருக்கு ஆபத்தானது அல்ல. வாரக்கணக்கில் தவறுவதுதான் உடலைக் கரைக்கும்.

நசுக்கினால் என்ன ஆகும்?

வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைக்கு மாத்திரை விழுங்க வரவில்லை என்றால் பாட்டி கரண்டியால் நசுக்கித் தேனில் குழைத்துக் கொடுப்பார். காய்ச்சல் மாத்திரைக்கு அது பலித்திருக்கும். இங்கே பலிக்காது.

மணியை நசுக்கினாலோ பல்லால் கடித்தாலோ உறை உடைகிறது. நொதி வாயிலேயே வெளிப்படுகிறது. அதில் புரதத்தை உடைக்கும் நொதியும் இருக்கிறதே! இறைச்சியைச் செரிக்கும் அது, கன்னத்தின் உட்புறத்தையும் ஈறையும் நாக்கையும் விட்டுவைக்காது. எரிச்சலும் புண்ணும் வரும். விழுங்கிய பகுதியில் லிப்பேஸ் இரைப்பை அமிலத்தில் கெட்டுவிடும். வாய்க்குப் புண், வயிற்றுக்குப் பலனில்லை.

கேப்சூல் பெரிதாகத் தெரிந்து விழுங்க முடியாதவர்கள் என்ன செய்வது? வெளிக்கூட்டைத் திறக்கலாம், மணிகளை மட்டும் நசுக்கக்கூடாது. கூட்டை மெல்லப் பிரித்து, மணிகளை ஒரு கரண்டி ஆப்பிள் கூழ் அல்லது புளித்த தயிர் மீது தூவி, மெல்லாமல் உடனே விழுங்கிவிட்டு ஒரு குவளைத் தண்ணீர் குடிக்கவேண்டும். பிறகு நாக்கால் ஈறுகளின் இடுக்கைத் தடவிப் பார்த்து, ஒட்டியிருக்கும் மணிகளையும் விழுங்கிவிடவேண்டும். உங்கள் மருந்துக்கு எந்த உணவு ஏற்றது என்பதைப் பெட்டியிலுள்ள தாளிலும் மருந்தாளரிடமும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஏன் புளிப்பான உணவு? மேலே சொன்ன பிஎச் கணக்குத்தான். படலம் கரையத் தேவை அமிலம் தணிந்த சூழல். கஞ்சியும் பாலும் நடுநிலையை ஒட்டியவை. அவற்றில் மணிகளைப் போட்டு வைத்தால் படலம் கிண்ணத்திலேயே கரையத் தொடங்கும். அதே காரணத்தால், காலையிலேயே மணிகளைத் தயிரில் கலந்து உணவுப்பெட்டியில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போவதும் கூடாது. கலந்த உடனே விழுங்கவேண்டும்.

சூடும் எதிரிதான். கொதிக்கக் கொதிக்க வந்த தே தாரிக்கோடு கேப்சூலை விழுங்கவேண்டாம். சாதாரணத் தண்ணீர் போதும். மதிய வெயிலில் நிறுத்திய காரிலும், மோட்டார் சைக்கிள் பெட்டியிலும் மருந்தை விட்டுவைத்தால், தேதி காலாவதியாகாமலேயே மருந்து வலுவிழக்கும். பல பெட்டிகளில் 25 பாகை செல்சியஸுக்குள் வைக்குமாறு எழுதியிருக்கும். நம் ஊர் வெப்பத்தில் அதைக் கடைப்பிடிக்க, பெரிய புட்டியை வீட்டின் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, ஒரு நாளுக்குத் தேவையானதை மட்டும் சிறு டப்பியில் எடுத்துச் செல்வதே நடைமுறைக்கு ஏற்றது.

ஒரு மாணவரின் ஒரு நாள் கணக்கு

படிவம் ஆறு படிக்கும் ஒரு மாணவரை எண்ணிக்கொள்வோம். இவர் கற்பனை மனிதர்தான். கணக்கு மட்டும் நடைமுறையில் உள்ளது. வயது 18, எடை 50 கிலோ. நாட்பட்ட கணைய அழற்சி. மருத்துவர் 25,000 அலகு கேப்சூலை எழுதிக்கொடுத்து, முழுச் சாப்பாட்டுக்கு இரண்டு, சிற்றுண்டிக்கு ஒன்று என்று சொல்லியிருக்கிறார். பெரியவர்களுக்குப் பரவலாகத் தொடங்கும் அளவு இதுதான்: பெரிய சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 அலகு, சிற்றுண்டிக்கு அதில் பாதி.

காலை ஏழு மணிக்கு இரண்டு ரொட்டி சானாயும் பருப்புக் கறியும்: இரண்டு கேப்சூல். பத்தரைக்கு ஒரு கறிபாப்: ஒன்று. மதியம் சோறு, கோழிக்கறி, பொரித்த முட்டை: இரண்டு. மாலை நான்கு மணிக்குப் பப்பாளியும் தே ஓவும்: ஒன்றுமில்லை, அவற்றில் செரிக்கவேண்டிய கொழுப்பு இல்லை. இரவு எட்டு மணிக்குத் தோசையும் மீன் குழம்பும்: இரண்டு. படிப்புக்கு நடுவே பத்தரைக்குப் பாலில் கலக்கிய ஒரு குவளை மைலோவும் பிஸ்கட்டும்: ஒன்று. மொத்தம் எட்டு கேப்சூல், அதாவது 2,00,000 அலகு.

இது கூடுதலா? ஒரு நாளில் கிலோவுக்கு 10,000 அலகைத் தாண்டவேண்டாம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை. 50 கிலோ எடைக்கு அது 5,00,000. ஒரு வேளைக்கான எல்லை கிலோவுக்கு 2,500 அலகு. இவர் எடுப்பது கிலோவுக்கு 1,000. இரண்டு கணக்கிலும் எல்லைக்குள்ளேயே இருக்கிறார். இந்த எல்லைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள சில குழந்தைகள் மிக அதிக அளவில் நொதி எடுத்துக்கொண்டபோது பெருங்குடல் தடித்துச் சுருங்கியது. 1994-இல் பிரிட்டனிலிருந்து அந்தச் செய்தி வெளிவந்தது. அதன் பின்னரே அளவுக்கு வரம்பு கட்டினார்கள். ஆகவே நாமாகவே கேப்சூலைக் கூட்டிக்கொண்டே போகக்கூடாது.

எடை ஏன் மறுபடி குறைந்தது?

அந்த மாணவரின் கதையைச் சற்று நீட்டுவோம். மருந்தைத் தொடங்கியபோது அவர் எடை 46 கிலோ. வீட்டில் இருந்த நான்கு மாதத்தில் 50 ஆனது. பிறகு விடுதிக்கு மாறினார். இரண்டு மாதத்தில் எடை 47-க்கு இறங்கியது. வயிறு உப்பியது. மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு, நாற்றத்தோடு வந்தது; கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றினாலும் போகவில்லை. கொழுப்பு செரிக்கவில்லை என்பதற்கு இவையே கண்ணால் காணும் அறிகுறிகள்.

மருந்து போதவில்லை என்று அவர் நினைத்தார். அனுபவமுள்ள மருத்துவர் அந்த இடத்தில் உடனே அளவைக் கூட்டமாட்டார். எப்போது எடுக்கிறாய், எப்படி எடுக்கிறாய், எங்கே வைத்திருக்கிறாய் என்று முதலில் கேட்பார். மாணவரின் பதில்கள் இப்படி இருந்தன. நண்பர்கள் முன்னால் விழுங்கக் கூச்சமாக இருந்ததால் அறைக்குத் திரும்பி எடுத்தார். சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கறிபாப்பும் கெரோப்போக்கும் சாப்பாடே இல்லை என்று அவற்றுக்கு எடுக்கவில்லை. புட்டி, சன்னலோர மேசையில் நாள்தோறும் பிற்பகல் வெயிலில் இருந்தது. எட்டு கேப்சூல் எழுதிக்கொடுத்தும், சரியான வேளையில் நல்ல நிலையில் குடலை அடைந்தது அதில் மிகச் சிலவே.

அளவு மாறவில்லை, பழக்கம் மாறியது. புதிய புட்டி வந்தது. முதல் கவளத்தோடு ஒன்று, பாதியில் ஒன்று. சட்டைப்பையில் சிறு டப்பி. இரண்டு வாரத்துக்கு ஒரு குறிப்பேட்டில் என்ன சாப்பிட்டேன், எத்தனை எடுத்தேன், வயிறு எப்படி இருந்தது என்று மூன்று வரி எழுதினார். அந்தக் குறிப்பேடுதான் அடுத்த சந்திப்பில் மருத்துவருக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள சான்று.

எல்லாம் சரியாகச் செய்தும் அறிகுறிகள் நீடிப்பது உண்டு. அப்போது மருத்துவர் அளவைக் கூட்டலாம்; அல்லது இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைச் சேர்க்கலாம். இதற்கும் காரணம் பிஎச்தான். பழுதான கணையம் பைகார்பனேட்டையும் குறைவாகவே அனுப்புகிறது. முன்சிறுகுடலில் அமிலம் தணியத் தாமதமாகும். மணியின் படலம் தாமதமாகக் கரையும். உணவு முந்திக்கொண்டு போய்விடும்.

இன்னொரு எச்சரிக்கை. மலம் சீராகத் தெரிகிறது என்பதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. ஏ, டி, ஈ, கே ஆகிய நான்கு உயிர்ச்சத்துகளும் கொழுப்போடுதான் உடலில் சேரும். அவை குறைவது வெளியே உடனே தெரியாது. எலும்பு மெலிவதும், இரவில் பார்வை மங்குவதும், எளிதில் இரத்தம் கட்டுவதும் மெல்லத்தான் வரும். எடையையும் இரத்தப் பரிசோதனையையும் குறித்த காலத்தில் பார்க்கச் சொல்வது அதனால்தான். தாங்கமுடியாத மேல்வயிற்று வலியோடு வாந்தியும் வந்தால் அது கேப்சூல் கணக்கில் தீரும் விவகாரம் அல்ல. உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

எண்ணெயை அடியோடு விட்டுவிட்டால் கேப்சூல் தேவைப்படாதே என்று சிலர் குறுக்குவழி தேடுவார்கள். வளரும் வயதில் அது எடையையும் உயிர்ச்சத்தையும் இன்னும் கரைக்கும். வழக்கமான சாப்பாட்டைச் சாப்பிட்டு, அதற்கேற்ற நொதியை எடுப்பதே இன்று பொதுவாகத் தரப்படும் அறிவுரை. நீரிழிவும் சேர்ந்து இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: நொதி சரியாக வேலை செய்யத் தொடங்கியதும் உணவு கூடுதலாக உடலில் சேரும், இரத்தச் சர்க்கரையும் ஏறலாம். அந்த மாற்றத்தை மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

எதிலிருந்து எடுக்கிறார்கள்?

பலர் கேட்கத் தயங்கும் கேள்வி இது. பரவலாகக் கிடைக்கும் இந்தக் கேப்சூல்களில் உள்ள நொதி பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுகிறது. இஸ்லாமிய நண்பர்களுக்கும் சைவ உணவுப் பழக்கம் உள்ளவர்களுக்கும் இது மனத்தை உறுத்தலாம். அதைத் தனக்குள் வைத்துக்கொண்டு மருந்தைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்; மாற்று ஏதும் பொருந்துமா என்று அவர் பார்ப்பார். சமய அறிஞரிடமும் கேளுங்கள். உயிர்காக்கும் தேவையை எப்படிக் கருதவேண்டும் என்பதற்குச் சமயங்களில் வழிகாட்டல் உண்டு. கடையில் ‘செரிமான நொதி’ என்ற பெயரில் விற்கும் மூலிகை மாத்திரைகளை மட்டும் இதற்கு ஈடாக எண்ணிவிடாதீர்கள்.

உடன் சாப்பிடுபவர்கள் செய்யக்கூடியது

அந்த மாணவரின் எடையைக் குறைத்தவற்றில் முதலாவது கூச்சம். அது அவர் ஒருவரால் மட்டும் தீர்வதில்லை. மேசையில் யாராவது கேப்சூல் எடுத்தால் உற்றுப் பார்த்து, “என்ன நோய்?” என்று விசாரிக்கத் தேவையில்லை. கேட்டே ஆகவேண்டும் என்றால் பதில் ஒரு வரியில் முடியும்: “என் கணையம் நொதி சுரப்பதில்லை, அதனால் சாப்பாட்டோடு நானே எடுக்கிறேன்.” வகுப்பாசிரியருக்கும் விடுதிப் பொறுப்பாளருக்கும் மருத்துவரின் கடிதம் ஒன்றைக் கொடுத்து வைத்தால், பையில் மருந்து எதற்கு என்ற கேள்வி எழாது.

பிறந்தநாள் விருந்தில் சாப்பாடு வருவதற்குள் கேப்சூலை எடுத்துவிட்டுக் காத்திருக்கும் நண்பரைப் பார்த்தால், “தட்டு வந்ததும் எடு” என்று சொல்லலாம். திடீரென்று கேக் வெட்டினால், “இதற்கும் ஒன்று எடுத்தாயா?” என்று கேட்கலாம். கடிக்காமல், நசுக்காமல், முதல் கவளத்தோடு என்ற மூன்று சொற்களை அவர் ஏற்கெனவே அறிந்திருப்பார். சுற்றியிருப்பவர்களும் அறிந்திருந்தால் அவர் அறைக்குப் போய் ஒளிந்து விழுங்கவேண்டிய தேவை இருக்காது.